நான்கு ஒன்பதுகளும் பதினான்கு மணி நேரமும்

2025ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 20இல் வந்தது. அன்று நம் நேரப்படி நண்பகல் 12.18க்கு, அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் உள்ள அமேசான் கிளவுட் மையங்களில் ஒரு கோளாறு தொடங்கியது. ஸ்னாப்சாட், சிக்னல், ஃபோர்ட்நைட் என்று உலகம் முழுவதும் பலருக்குப் பழக்கமான செயலிகள் தடுமாறின. கோளாறு பெருமளவு ஓய்ந்தபோது நமக்கு மறுநாள் அதிகாலை இரண்டு மணி தாண்டிவிட்டது. இதே மையத்தில் சர்வர்களை வாடகைக்கு எடுக்கும் நிறுவனங்களுக்கு அமேசான் 99.99 விழுக்காடு இயங்குநேரம் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. அக்டோபர் மாதத்தில் 44,640 நிமிடங்கள். அதில் நூறில் 99.99 பங்கு போக மிஞ்சுவது ஏறக்குறைய நாலரை நிமிடம். சர்வர் பகுதியில் மட்டும் அன்றைய தொல்லை பதினான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. நாலரை நிமிடத்துக்கு வாக்குக் கொடுத்த இடத்தில் பதினான்கு மணி நேரம் என்றால், வாடிக்கையாளர்களுக்குப் பெரிய தொகை திரும்ப வந்திருக்க வேண்டும் என்றுதான் புதிதாகத் தொழில் தொடங்கிய எவருக்கும் தோன்றும். ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தால் கிடைக்கும் விடை வேறு. அந்தப் பதினான்கு மணி நேரத்துக்காகப் பல நிறுவனங்களுக்கு ஒரு ரூபாய்கூட உரிமை இல்லை. அதற்குள் அடங்கிய மூன்று மணி நேரத்துக்கும் குறைவான ஒரு பகுதிக்கு மட்டும் சிறு கழிவு உண்டு. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஒப்பந்தம் எழுதியபடியே நடந்தது. அது எப்படி என்று புரிந்துகொண்டால், 99.99 என்ற எண்ணை எந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது என்பதும் புரிந்துவிடும்.

இத்தகைய ஆவணத்தைத் தொழிலில் எஸ்.எல்.ஏ. என்பார்கள், தமிழில் சேவைத்தர ஒப்பந்தம் எனலாம். அதில் ஒரு விழுக்காடு இருக்கும். எதை முடக்கம் என்று எண்ணுவது என்ற வரையறை இருக்கும். விழுக்காடு தவறினால் கட்டணத்தில் எவ்வளவு கழிப்பது என்ற அட்டவணையும், எவையெல்லாம் கணக்கில் வராது என்ற விலக்குகளும் இருக்கும். விளம்பரத்தில் வருவது விழுக்காடு மட்டும். இந்த ஏற்பாட்டின் தன்மையை அறிய ரயில் டிக்கெட்டை நினைத்துக்கொள்ளலாம். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணத்தைக் கைவிடுபவர் முழுக் கட்டணத்தையும் திரும்பக் கேட்கலாம். ஆனால் கெடுவுக்குள் அவரே விண்ணப்பிக்க வேண்டும். திரும்ப வருவது டிக்கெட் காசு, அந்தத் தாமதத்தால் கைநழுவிய நேர்முகத் தேர்வுக்கு ரயில்வே பொறுப்பேற்பதில்லை. கிளவுட் ஒப்பந்தமும் இப்படித்தான். கேட்டால் மட்டும் கிடைக்கும், கட்டிய காசின் ஒரு பங்கு மட்டும் கிடைக்கும், அதுவும் கையில் பணமாக வராமல் வரும் மாதங்களின் பில்லில் கழியும். இந்தக் கழிவைத்தான் 'கிரெடிட்' என்கிறார்கள். அதைத் தவிர வேறு எந்த ஈடும் கேட்க உரிமையில்லை என்றும் ஒப்பந்தம் தெளிவாகவே சொல்லிவிடுகிறது.

ஆகவே படிக்கத் தொடங்க வேண்டிய இடம் வரையறை. அமேசானின் சர்வர் வாடகைச் சேவை ஈசி2. அதன் ஒப்பந்தத்தில் 99.99 விழுக்காடு என்பது ஒரு வட்டாரம் முழுமைக்குமான வாக்குறுதி. அமேசானின் ஒவ்வொரு வட்டாரமும் ஒன்றையொன்று சாராத சில மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. குறைந்தது இரண்டு மண்டலங்களில் நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் வெளியுலகத் தொடர்பை இழந்தால்தான் அந்த நிமிடம் முடக்க நிமிடம். எல்லாவற்றையும் ஒரே மண்டலத்தில் வைத்திருப்பவருக்கு இந்த வாக்குறுதி பொருந்தவே பொருந்தாது. தனி சர்வருக்கு என்று வேறொரு வாக்குறுதி இருக்கிறது, அது 99.5 விழுக்காடுதான். அக்டோபர் மாதக் கணக்கில் அது ஏறக்குறைய 3 மணி 43 நிமிடம். இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது 'ஓட்டிக்கொண்டிருக்கும்' என்ற சொல்லை. ஏற்கெனவே ஓடும் சர்வரைப் பற்றித்தான் ஒப்பந்தம் பேசுகிறது. புதிதாக ஒரு சர்வரைக் கேட்டு அது கிடைக்காமல் போவதைப் பற்றி இந்த வரையறையில் ஒன்றுமில்லை.

டைனமோடிபி என்ற அமேசானின் தரவுத்தளச் சேவைக்கும் வாக்குறுதி 99.99தான், ஆனால் அளக்கும் முறை வேறு. மாதத்தை ஐந்து ஐந்து நிமிடத் துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் நீங்கள் அனுப்பிய கோரிக்கைகளில் எத்தனை பங்கு பிழையின்றி முடிந்தது என்று பார்த்து, மாதத்தின் எல்லாத் துண்டுகளுக்கும் சராசரி எடுக்கிறார்கள். ஒரு துண்டில் நீங்கள் கோரிக்கையே அனுப்பவில்லை என்றால் அந்தத் துண்டு நூறு விழுக்காடு சரியாக இயங்கியதாகவே எண்ணப்படும். எல்லாத் துண்டுகளுக்கும் எடையும் ஒன்றுதான். பத்தாயிரம் பேர் காத்திருந்த ஐந்து நிமிடமும், ஒரே ஒரு கோரிக்கை போய்த் திரும்பிய நள்ளிரவின் ஐந்து நிமிடமும் இந்தக் கணக்கில் சமம். ஆக, ஒரே நிறுவனத்தின் இரண்டு சேவைகளில், ஒரே 99.99 இரண்டு வேறு பொருள்களைக் கொண்டிருக்கிறது.

இனி அன்று நடந்தது. அமேசான் பின்னர் வெளியிட்ட விளக்க அறிக்கையில் நேரங்கள் நிமிடச் சுத்தமாக இருப்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. இணையத்தில் ஒரு பெயரைக் கேட்டால் அதற்குரிய முகவரி எண்ணைத் தரும் ஏற்பாடு டி.என்.எஸ். டைனமோடிபியின் முகவரிகளை நிரல்கள் தாமாகவே புதுப்பித்துக்கொண்டிருந்தன. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு நிரல்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டதில், பின்தங்கிய நிரல் ஒரு பழைய முகவரித் திட்டத்தைப் புதியதன் மேல் எழுதிவிட்டது. முன்னே ஓடிய நிரல் பழைய திட்டங்களைத் துப்புரவு செய்யும்போது அதையே அழித்தது. `dynamodb.us-east-1.amazonaws.com` என்ற பெயருக்கு முகவரியே இல்லாமல் போயிற்று. தரவுத்தளம் நலமாக இருந்தது, அதை அடையும் வழிதான் தொலைந்தது. இது நம் நேரம் நண்பகல் 12.18 முதல் பிற்பகல் 3.10 வரை, அதாவது 172 நிமிடம்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் அந்த நாளை இந்த அளவுக்கு யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஈசி2 சேவை, புதிய சர்வர்களைத் தொடங்குவதற்குத் தன் உள்கணக்குகளை அதே டைனமோடிபியில்தான் வைத்திருந்தது. தரவுத்தளம் மீண்டபோது தேங்கிக்கிடந்த வேலைகள் ஒரே நேரத்தில் மேலே விழுந்து அந்தப் பகுதியை அமுக்கிவிட்டன. புதிய சர்வர் தொடங்குவதில் பிழைகளும் தாமதமும் நம் நேரம் நள்ளிரவு தாண்டி 2.20 வரை இருந்தன. மொத்தம் 842 நிமிடம். எல்லாக் கோரிக்கைகளும் எல்லா நேரமும் தோற்கவில்லை, நிலைமை படிப்படியாகச் சீரானது. ஆனால் முன்பே ஓடிக்கொண்டிருந்த சர்வர்கள் எந்தப் பாதிப்பும் இன்றி ஓடின என்று அறிக்கை சொல்கிறது. அது உண்மையும்கூட. ஒப்பந்தத்தின் கண்ணோட்டத்தில் அந்த ஒரு வாக்கியமே போதும். ஓடும் சர்வர்கள் தொடர்பை இழக்கவில்லை, ஆகவே அந்த 842 நிமிடங்களும் ஈசி2 வரையறையில் இயங்குநேரமே.

இதன் பின்னால் ஒரு பொறியியல் பாகுபாடு இருக்கிறது. கிளவுட் சேவை எதையும் இரண்டு தளங்களாகப் பிரிக்கலாம். புதிதாக ஒன்றை உருவாக்குவது, மாற்றுவது, அழிப்பது எல்லாம் கட்டுப்பாட்டுத் தளம். உருவாக்கியது தன் அன்றாட வேலையைச் செய்துகொண்டிருப்பது தரவுத் தளம். முதலாவது சிக்கலானது, பல சேவைகளைச் சார்ந்தது, எளிதில் உடைவது. இரண்டாவது எளிமையானது, ஆகவே உறுதியானது. கோளாறு நேரத்தில் கட்டுப்பாட்டுத் தளத்தை நம்பியிராதபடி அமைப்புகளைக் கட்டுங்கள் என்று அமேசானே தன் வழிகாட்டு ஆவணங்களில் எழுதியிருக்கிறது. ஈசி2 ஒப்பந்தத்தின் வாக்குறுதி விழுந்திருப்பதும் உறுதியான தளத்தின் மீதுதான். உடையக்கூடிய தளத்தைப் பற்றி அது மௌனம். விற்பவரின் இடத்திலிருந்து பார்த்தால் இது முறையானதே. எதைக் காப்பாற்ற முடியும் என்று அறிவாரோ அதற்குத்தான் அவர் வாக்குக் கொடுப்பார். வாங்குபவர் தன் தொழில் எந்தத் தளத்தின் மேல் நிற்கிறது என்று பார்க்காமல் விட்டால்தான் இடைவெளி விழுகிறது.

அந்த இடைவெளியை ஒரு கற்பனை நிறுவனத்தில் பொருத்திப் பார்ப்போம். சென்னையில் இருந்து இயங்குகிறது, அமெரிக்கக் கிழக்குக் கரையில் உள்ள பல் மருத்துவமனைகளுக்கு முன்பதிவு மென்பொருள் விற்கிறது. வாடிக்கையாளர்கள் அங்கே இருப்பதால் வர்ஜீனியா வட்டாரத்தில் சர்வர் வைத்திருப்பது இயல்பு. மாதக் கிளவுட் பில் 5 லட்சம் ரூபாய், அதில் ஈசி2 இரண்டரை லட்சம், டைனமோடிபி 60,000. சிக்கனத்துக்காக இரவில் மூன்று சர்வர்கள், பகலில் பன்னிரண்டு. காலை ஏழரைக்கு நிரல் தானாகவே ஒன்பது சர்வர்களைக் கூடுதலாகத் தொடங்கும். இது எல்லோரும் செய்கிற, கிளவுட் விற்பனையாளர்களே பரிந்துரைக்கிற சிக்கனம்தான். டைனமோடிபி தொலைந்த 172 நிமிடங்கள் கிழக்குக் கரையில் விடியற்காலை 2.48 முதல் 5.40 வரை. அப்போது எந்த மருத்துவமனையும் திறந்திருக்கவில்லை. அன்றைய நினைவூட்டல்களைத் தயாரிக்கும் ஒரு நிரல் மட்டும் மூன்று மணியிலிருந்து மூன்றரை வரை ஓடித் தோற்றது. தரவுத்தளம் மீண்ட பிறகு அதைத் திரும்ப ஓட்டினார்கள், யாருக்கும் தெரியவில்லை. அடி விழுந்தது காலையில். ஒன்பது சர்வர்களைக் கேட்ட கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. எட்டு மணிக்கு மருத்துவமனைகள் திறந்தபோது பன்னிரண்டு சர்வர்களின் சுமை மூன்றின் மேல் ஏறியது. பிற்பகல் ஒன்றரைக்குத்தான் கேட்டவை வந்து சேர்ந்தன என்று வைத்துக்கொண்டால், ஐந்தரை மணி நேரம் முன்பதிவுத் திரை திணறியது.

இப்போது கணக்கு. காலை ஐந்தரை மணி நேரத்துக்கு ஈசி2 ஒப்பந்தத்தின்படி கழிவு பூஜ்யம். மூன்று சர்வர்களும் ஓடின, தொடர்பில் இருந்தன, மூச்சு மட்டும்தான் வாங்கின. யாருக்கும் உறைக்காத விடியற்காலை அரைமணிக்கோ கழிவு உண்டு. தோற்ற ஐந்து நிமிடத் துண்டுகள் ஆறு, மற்றத் துண்டுகளில் கோரிக்கையே இல்லாததால் அவை நூறு விழுக்காடு. மாதச் சராசரி 99.93. இது 99.99க்குக் கீழே, 99க்கு மேலே. அந்தப் படிக்கு டைனமோடிபி கட்டணத்தில் பத்து விழுக்காடு, அதாவது 6,000 ரூபாய். அந்த நிரலும் அன்று ஓடாமல் இருந்திருந்தால் சராசரி நூறு, கழிவு பூஜ்யம். இங்கே இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. பிழை என்று ஒப்பந்தம் எண்ணுவது தரவுத்தளம் 500 அல்லது 503 என்ற குறியீட்டுடன் திருப்பி அனுப்பிய கோரிக்கையை. பெயருக்கு முகவரியே கிடைக்காதபோது கோரிக்கை தரவுத்தளத்தைப் போய்ச் சேரவில்லை, குறியீடு எதுவும் திரும்பி வராது. எழுத்தை இறுகப் பிடித்தால் அதைப் பிழை என்று எண்ணாமலும் விடலாம். இவ்வளவு பெரிய, வெளிப்படையாக ஒப்புக்கொண்ட கோளாறில் எந்த நிறுவனமும் அப்படி வாதிடத் துணியாது என்பது என் எண்ணம். ஆனால் சிறு கோளாறுகளில் முடிவு யாருடைய கையில் இருக்கிறது என்பதை இந்த வரி காட்டிவிடுகிறது.

கழிவு அட்டவணையின் அமைப்பையும் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். டைனமோடிபிக்கு 99.99க்குக் கீழே போனால் 10 விழுக்காடு, 99க்குக் கீழே 25, 95க்குக் கீழே நூறு. ஈசி2இல் நடுப்படி மட்டும் 30. படிகள் சீராக இருப்பது போலத் தோன்றும், ஆனால் முதல் படி மிக அகலமானது. அக்டோபரில் ஐந்து நிமிட முடக்கத்துக்கும் பத்து விழுக்காடு, ஏழு மணி இருபது நிமிட முடக்கத்துக்கும் அதே பத்து விழுக்காடு. முழுக் கட்டணமும் திரும்ப வேண்டுமானால் அந்த மாதத்தில் 37 மணி நேரத்துக்கு மேல் முடங்கியிருக்க வேண்டும். மாதம் பிறந்தால் கணக்கும் புதிதாகப் பிறக்கும். 172 நிமிடம் என்பது 99.99 விழுக்காட்டின்படி மூன்று ஆண்டுகளுக்கும் மேலான முடக்க அனுமதி. அதை ஒரே இரவில் செலவழித்த சேவை நவம்பர் முதல் தேதி மீண்டும் சுத்தமான பலகையுடன் தொடங்குகிறது.

விலக்குகளைப் பற்றிப் பேசும்போது பலரும் நிலநடுக்கம், போர் போன்றவற்றையே நினைக்கிறார்கள். சிறு நிறுவனத்துக்கு அவை அரிதாகவே வருகின்றன. அமேசானின் எல்லைக்கு வெளியே உள்ள இணையக் கோளாறு, வாடிக்கையாளரின் சொந்த மென்பொருள், கட்டணம் கட்டாமல் சேவை நிறுத்தப்படுவது ஆகியவையும் பட்டியலில் உண்டு, அவற்றில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கடிக்கிற விலக்கு வேறொன்று. வாடிக்கையாளர் தாமே செய்த செயலால் விளைந்த முடக்கம் கணக்கில் வராது. சர்வரை நிறுத்துவது, மறுதொடக்கம் செய்வது, பாதுகாப்பு அமைப்புகளைத் தவறாக மாற்றுவது எல்லாம் அதில் அடங்கும். நம் கற்பனை நிறுவனத்தின் பொறியாளர், திணறும் மூன்று சர்வர்களில் ஒன்றைப் பெரிய வகைக்கு மாற்ற முனைகிறார் என்று கொள்வோம். சர்வரின் வகையை மாற்ற வேண்டுமானால் அதை முதலில் நிறுத்தி, மாற்றி, பிறகு தொடங்க வேண்டும். நிறுத்துவது உடனே நடந்துவிடும். தொடங்குவதற்குக் கட்டுப்பாட்டுத் தளம் வேண்டும், அதுதான் அன்று அடைபட்டிருந்தது. இனி இரண்டு சர்வர்கள்தான். மூன்றாவது இப்போது உண்மையிலேயே முடங்கியிருக்கிறது, ஆனால் அதை நிறுத்தியவர் வாடிக்கையாளர். நல்லெண்ணத்தில், நெருக்கடியில், சரியான பொறியியல் காரணத்துக்காகச் செய்தார் என்பதற்கு ஒப்பந்தத்தில் இடமில்லை. ஒரு கோளாறு நடக்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் எதையும் தொடாதீர்கள் என்று அனுபவமுள்ள பொறியாளர்கள் சொல்வதற்கு இது கூடுதலான ஒரு காரணம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கழிவு இவ்வளவு சிறியது, வரையறை இவ்வளவு குறுகியது என்றால் அந்த 99.99 வெறும் விளம்பரம்தானே? அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரு வாடிக்கையாளருக்கு 6,000 ரூபாய் அற்பம், ஒரு வட்டாரத்தின் எல்லா வாடிக்கையாளர்களின் மாதக் கட்டணத்திலும் பத்து விழுக்காடு என்றால் விற்பவருக்கு அது அற்பமில்லை. அந்த அழுத்தம் அவர் முதலீட்டை எங்கே செலுத்துகிறார் என்பதை மாற்றும். மேலும் எண்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டில் தகவல் இருக்கிறது. ஒரே சர்வருக்கு 99.5, இரண்டு மண்டலங்களில் பரப்பினால் 99.99 என்று எழுதுபவர், எந்த அமைப்பின் மேல் தனக்கு நம்பிக்கை இருக்கிறது என்பதைத் தன் காசை வைத்தே சொல்கிறார். ஒப்பந்தத்தைக் கட்டட வரைபடத்துக்கான குறிப்பாகப் படிப்பவருக்கு அது மிகவும் பயன்படும். இழப்பீட்டுப் பத்திரமாகப் படிப்பவருக்குத்தான் ஏமாற்றம்.

சரி, உண்மையான நட்டத்தை ஏன் ஈடுசெய்யக் கூடாது என்று அடுத்துக் கேட்கலாம். ஒரே அளவு சர்வரில் ஒருவர் தன் பொழுதுபோக்குத் தளத்தையும் இன்னொருவர் பங்கு வர்த்தகத்தையும் ஓட்டுகிறார், இருவரும் கட்டும் வாடகை ஒன்றுதான். அந்த வாடகையில் இரண்டாமவரின் நட்டத்துக்கான பொறுப்பையும் சேர்க்க வேண்டுமானால் முதலாமவரிடமும் அதற்கான விலையை வாங்க வேண்டியிருக்கும். அதைவிட ஆழமான தடை ஒன்று இருக்கிறது. காப்பீடு என்பது எல்லோருக்கும் ஒரே நாளில் விபத்து நேராது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அக்டோபர் 20 போன்ற நாளில் வட்டாரம் முழுவதும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படுகிறது, பாதிக்கப்படாதவரின் சந்தாவில் இருந்து எடுத்துக் கொடுக்க ஆளில்லை. பெரிய நிறுவனங்கள் தனி ஒப்பந்தம் பேசிச் சில வரிகளை மாற்றிக்கொள்வதுண்டு. மாதம் 5 லட்சம் கட்டும் நிறுவனத்துக்கு அந்தப் பேரம் கிடைக்காது. கிடைத்தாலும் எவ்வளவு மாறியிருக்கும் என்று பாருங்கள். சர்வர் தொடங்க முடியாத 842 நிமிடங்களையும் முழு முடக்கமாக எண்ணும் ஒரு கனிவான ஒப்பந்தம் இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். மாத இயங்குநேரம் 98.11 விழுக்காடு, இரண்டாம் படி, ஈசி2 கட்டணத்தில் 30 விழுக்காடு, அதாவது 75,000 ரூபாய்.

அதை எதிர்ப்பக்கத்துடன் ஒப்பிட வேண்டும். நம் நிறுவனம் தன் மருத்துவமனைகளுக்கு 99.9 விழுக்காடு வாக்குக் கொடுத்து, தவறினால் மாதக் கட்டணத்தில் பத்து விழுக்காடு திருப்பித் தருவதாக எழுதியிருக்கிறது, மாத வருவாய் 40 லட்சம் என்று கொள்வோம். 99.9 என்றால் அக்டோபரில் 44 நிமிடம். திணறியது 330 நிமிடம். எல்லா வாடிக்கையாளர்களும் கேட்டால் 4 லட்சம் ரூபாய் போக வேண்டும், வர வேண்டியது 6,000. இந்த 99.9 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் கிளவுட் நிறுவனத்தின் எண்ணைப் பார்த்து ஓர் ஒன்பதைக் குறைத்துக்கொண்ட மனக்கணக்கில் இருந்துதான் வந்திருக்கும். ஆனால் முடக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடும். சர்வர், தரவுத்தளம், சுமைபகிர்வி மூன்றுக்கும் 99.99 என்றால் தலைக்கு நாலரை நிமிடம். குறுஞ்செய்தி அனுப்பும் வெளிச்சேவைக்கு 99.9 என்றால் அதற்கு 44. நால்வரும் தத்தம் வாக்கைக் காப்பாற்றிய மாதத்திலேயே முடக்கம் 58 நிமிடம் வரை போகலாம், 99.9 உடைந்துவிடும். இதில் சொந்த நிரலில் விடும் பிழைகள் இன்னும் சேரவில்லை. வெளியே கொடுக்கும் வாக்கை மேலிருந்து நகலெடுக்காமல், கீழே இருப்பவற்றைக் கூட்டித்தான் நிர்ணயிக்க வேண்டும். முடக்கம் எது என்ற வரையறையையும் விற்பவர் செய்ததைப் போலவே தானே எழுதிக்கொள்ள வேண்டும். முன்பதிவு சேமிக்கப்படாமல் போனால் முடக்கம், அறிக்கைப் பக்கம் மெதுவாகத் திறந்தால் முடக்கமில்லை என்பது போல.

கழிவு கேட்பதற்கும் இந்தக் கணக்குகளைப் போடுவதற்கும் சான்று வேண்டும், சான்று தானாக வராது. கிளவுட் நிறுவனத்தின் நிலைப்பலகையை மட்டும் நம்புவது சரியில்லை என்பதற்கு 2017 பிப்ரவரி 28 ஒரு சாட்சி. அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை இதே வர்ஜீனியா வட்டாரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தடுமாறியது. பராமரிப்புக் கட்டளை ஒன்றில் உள்ளீடு தவறியதால் நினைத்ததைவிட அதிக சர்வர்கள் கழற்றப்பட்டன. நிலைப்பலகையை இயக்கும் ஏற்பாடே எஸ்3ஐச் சார்ந்திருந்ததால், தொடக்கத்தில் பலகையில் கோளாறைக் காட்ட முடியவில்லை. ஆகவே அளப்பது தன் சொந்தக் கருவியாக இருக்க வேண்டும், அளக்கப்படும் வட்டாரத்துக்கு வெளியே இருக்க வேண்டும், பதிவுகளும் வெளியே சேமிக்கப்பட வேண்டும். இடைவெளியும் முக்கியம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும் கருவியால் நாலரை நிமிட அனுமதி மீறப்பட்டதா என்று ஒருபோதும் சொல்ல முடியாது. நிமிடத்துக்கு ஒருமுறையாவது தட்ட வேண்டும், தட்டும் கோரிக்கை முகப்புப் பக்கத்தோடு நின்றுவிடாமல் தரவுத்தளம் வரை போய்த் திரும்ப வேண்டும். இப்படிச் செய்யும்போது இன்னொரு நன்மையும் உண்டு. நள்ளிரவிலும் ஒவ்வொரு ஐந்து நிமிடத் துண்டிலும் கோரிக்கை போய்க்கொண்டிருப்பதால், டைனமோடிபிக் கணக்கில் காலியான துண்டு என்று எதுவும் இருக்காது. நம் நிறுவனம் அப்படித் தட்டியிருந்தால் ஆறு துண்டுகளுக்குப் பதில் 172 நிமிடங்களும் கணக்கில் ஏறியிருக்கும், சராசரி 99.61க்கு இறங்கியிருக்கும். கழிவு அப்போதும் அதே பத்து விழுக்காடுதான், முதல் படியின் அகலம் அப்படி.

அந்த 6,000 ரூபாய்க்காக விண்ணப்பம் எழுதுவதா என்று தயங்குபவர்கள் உண்டு. எழுதுவது நல்லது, பணத்தைவிட, எந்தச் சேவை எப்போது தோற்றது என்று நிமிடக் கணக்கில் எழுதிப் பார்க்கும் கட்டாயத்துக்காக. அமேசானில் ஆதரவு மையத்தில் ஒரு கோரிக்கை திறந்து, தலைப்பில் `SLA Credit Request` என்ற சொற்களை இட்டு, வட்டாரம், தேதி, நேரம் ஆகியவற்றுடன் பிழைப் பதிவுகளை இணைக்க வேண்டும். கோளாறு நடந்த மாதத்துக்குப் பின் இரண்டாவது பில் மாதம் முடிவதற்குள் அது போய்ச் சேர வேண்டும், அக்டோபர் கோளாறுக்கு டிசம்பர் இறுதி. கூகுள் கிளவுடில் கெடு 30 நாள்தான். நம் கற்பனை நிறுவனம் அந்த விண்ணப்பத்தை எழுதும்போது காலை ஐந்தரை மணி நேரத்துக்கு எழுத ஒன்றும் இல்லாமல் நிற்கும். அந்தக் காலி இடத்துக்கு விலை போடலாம். பகலுக்கு வேண்டிய பன்னிரண்டில் எட்டு சர்வர்களை இரவிலும் அணைக்காமல் ஓடவிட்டால், கட்டுப்பாட்டுத் தளம் அடைபட்ட காலையிலும் திரை மெதுவாகவாவது நகரும். இரவில் ஐந்து சர்வர்கள் கூடுதலாக ஓடுவதற்கான வாடகை ஒருபுறம். 4 லட்சம் திருப்பித் தர நேரும் ஒரு நாள் எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் என்ற ஊகம் மறுபுறம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதும் தாள் கிளவுட் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இல்லை, அதை நிறுவனர்தான் போட வேண்டும்.